ஹராம்பே: சேர்ந்து இழுக்கும் சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

பெரிய பாரத்தைப் பலர் சேர்ந்து இழுக்கும்போது ஒருவர் குரல் கொடுப்பார். மற்றவர்கள் பதில் குரல் எழுப்பி, அதே நொடியில் இழுப்பார்கள், நம் ‘ஐலசா’ மாதிரி. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி மொழியில் அந்த இடத்தில் நிற்கும் சொல்தான் ‘ஹராம்பே’. ‘எல்லோரும் சேர்ந்து இழுப்போம்’ என்று பொருள். அங்கே ரயில் பாதை போடப் போன இந்தியத் தொழிலாளர்கள் அம்பே தேவியைக் கூப்பிட்டதிலிருந்து வந்த சொல் என்றும் ஒரு கதை உண்டு. ஒலி ஒற்றுமையில் பிறந்த கதையாகவே எனக்குப் படுகிறது.

1963-இல் கென்யா விடுதலை பெற்றபோது அதன் முதல் பிரதமர் ஜோமோ கென்யாட்டா இதை நாட்டின் முழக்கமாக்கினார். அரசு இலச்சினையிலும் இந்தச் சொல்தான் இருக்கிறது. ஆனால் அது உயிரோடு நடமாடியது கிராமங்களில். புதிய அரசிடம் எல்லா ஊருக்கும் உயர்நிலைப்பள்ளி கட்டப் பணம் இல்லை. ஊரார் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். காசு இருந்தவர் காசு கொடுத்தார். இல்லாதவர் மணலும் தண்ணீரும் சுமந்தார், அஸ்திவாரம் தோண்டினார். ‘ஹராம்பே பள்ளிகள்’ என்றே அவற்றுக்குப் பெயர். 1970-களில் அரசு உயர்நிலைப்பள்ளிகளைவிட இவை எண்ணிக்கையில் கூடுதலாக இருந்தன.

சிக்கல் தகரக் கூரை ஏறிய பிறகுதான் தெரிந்தது. கட்டடத்துக்கு ஒரு நாள் வசூல் போதும். ஆசிரியர் சம்பளம் மாதாமாதம் வருமே! பயிற்சி பெற்ற ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் இல்லாமல் பல பள்ளிகள் திணறின. அரசு எப்போது பொறுப்பேற்கும் என்று ஊர் காத்திருந்தது.

வசூல் நாளைக் கொஞ்சம் பார்ப்போம். குழுவினர் முன்கூட்டியே அட்டைகள் கொடுத்திருப்பார்கள். யார் எவ்வளவு தந்தார் என்று அதில் வரிவரியாகப் பெயர் இருக்கும். கூட்டத்தில் அந்தப் பெயர்களை உரக்கப் படிப்பார்கள். பணமில்லாதவர் ஒரு கோழியைக் கொண்டுவருவார். அதை ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் கோழியைத் திருப்பித் தருவார், மறுபடியும் ஏலம். ஒரே கோழி பல கை மாறி, சந்தை விலையைப் போல் பல மடங்கு சேர்த்துவிடும். இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் உரக்கப் படிக்கும் பெயருக்கு ஓர் ஆசையும் ஒட்டிக்கொள்ளும். தலைமை விருந்தினராக வந்த அரசியல்வாதி கட்டுக்கட்டாகப் பணம் வைத்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆளில்லை. கீழ்மட்டத்தில், வேலை போய்விடுமோ, சான்றிதழ் கிடைக்காதோ என்று பயந்து சிலர் கட்டாயத்தில் கொடுத்தார்கள். 2003-இல் வந்த அரசு ஊழியர் நன்னடத்தைச் சட்டம் அதிகாரிகள் வசூல் செய்வதைக் கட்டுப்படுத்தியது. 2024 ஜூலையில், இளைஞர் போராட்டத்துக்குப் பின், அரசுப் பொறுப்பில் இருப்போர் ஹராம்பேக்களில் பங்கேற்கக் கூடாதென அதிபர் ரூட்டோ அறிவித்தார்.

சாதாரண மக்களின் ஹராம்பே நிற்கவில்லை. ஒருவருக்கு மருத்துவமனைச் செலவு வந்தால் வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள். செல்போன் வழியே எம்-பெசாவில் பணம் வருகிறது. பொருளாளர் பட்டியலைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்: பெயர், தொகை, அடுத்த பெயர், தொகை.