துணி எடுக்கப் போகிற நாளில் என்ன உடுத்துவது?

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தக்கலைப் பக்கம் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்யாண பிளவுஸும் கவுனும் தைக்கிறேன். பல வீடுகளில், "நீங்களும் கூட வாங்கக்கா, உங்க கண்ணுக்குத் தெரியும்" என்று ஜவுளி எடுக்கவும் என்னைக் கூட்டிப் போவார்கள். அப்படிப் போன இடங்களில் பார்த்ததைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஒரு ஆடி மாதம். ஆவணியில் கல்யாணம். மணப்பெண் கரும்நீலத்தில் கனமான சுடிதார், காலர் வைத்தது, முழுக்கை. நல்ல துணிதான். பட்டுப் பிரிவில் சந்தன நிற டிஷ்யூ சேலை ஒன்றை விற்பனைப் பெண் அவள் மேலேயே கொசுவம் வைத்துக் கட்டிக் காட்டினாள். அம்மா ஒரே வார்த்தையில், "நிறம் மங்கலா இருக்கு, வேண்டாம்" என்றார். எடுத்து வைத்துவிட்டார்கள். நான் அந்தச் சேலையின் முந்தியை வாங்கி என் உள்ளங்கையில் ஒற்றை மடிப்பாய்ப் போட்டுக் காட்டினேன். பொன் மாதிரி மின்னியது. டிஷ்யூ ஒற்றை மடிப்பில் அடியில் இருப்பதைக் காட்டிக் கொடுக்கும். அவர்கள் பார்த்தது அடியில் கிடந்த நீலத்தை. தோளில் கரை விழ வேண்டிய இடத்தை அந்தக் காலர் தூக்கிப் பிடித்திருந்தது வேறு. இடுப்பில் சுடிதார் துணி சுருண்டு கொசுவமும் உப்பிப் போனது. "குண்டாத் தெரியுதேன்" என்று அவளுக்கே முகம் வாடிவிட்டது. பாவம், அவள் குண்டே இல்லை.

அதனால் மணப்பெண்ணிடம் நான் முதலில் சொல்வது அடியில் போடுகிற உடுப்பைப் பற்றித்தான். பனியன் துணியில் அரைக்கை வைத்த, உடம்போடு ஒட்டி நிற்கிற ஒரு டாப். சந்தன நிறமோ உங்கள் தோல் நிறத்துக்குப் பக்கமான நிறமோ இருக்கட்டும். பூ வேண்டாம், எழுத்து வேண்டாம். கழுத்து, நீங்கள் தைக்கப் போகிற பிளவுஸ் அளவுக்கு இறங்கி இருந்தால் நல்லது. கீழே கணுக்கால் வரை வருகிற வெளிர் நிற லெகின்ஸ். இந்த இரண்டுக்கும் மேலே, முன்னால் முழுவதும் பொத்தான் வைத்த மெல்லிய காட்டன் குர்தி. பஸ்ஸிலும் தெருவிலும் அது குர்தி. மேல் மாடி ஏசியில் குளிர் அடித்தால் அதுவே போர்வை. சேலை வைத்துப் பார்க்கும்போது பொத்தானைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கிற டாப் பிளவுஸ் மாதிரி நிற்கும். எல்லார் முன்னாலும் நிற்கக் கூச்சமும் வராது.

முன்பக்கம் திறக்கிற மாதிரி ஏன் என்றால், ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை கழற்றி மாட்ட வேண்டி வரும். தலைவழியே கழற்றுகிற உடுப்பாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் கொண்டை அவிழும், மூக்குத்தி மாட்டும், கம்மல் திருகு கழன்று விழும். ட்ரையல் ரூம் தரையில் கம்மல் திருகு தேடி அரைமணி நேரம் போன கதை என்னிடமே உண்டு. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். மழையில் நனைந்த ஜீன்ஸை அந்தச் சின்ன அறையில் ஒற்றைக் காலில் நின்று உருவுவது ஒரு சர்க்கஸ். பலாசோ கழற்ற சுகம்தான். ஆனால் ஆடி மழையில் அதன் கீழ்ப்பகுதி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வரும். அந்த ஈரம் பட்டுச் சேலையில் படக் கூடாது. பட்டில் தண்ணீர் பட்ட இடம் காய்ந்தாலும் ஒரு வட்டமாகக் கறை நிற்கும்.

உள்பாவாடை ஒன்றும் பையில் இருக்கட்டும். கல்யாணத்தன்று போடப்போகிற பிராவையே அன்றைக்கும் போட்டுக்கொண்டு வாருங்கள். மாற்றிப் போட்டால் மார்பு நிற்கிற இடமே மாறிவிடும். அப்புறம் மார்புப் பக்கம் மடித்துப் பிடிக்கிற டார்ட்டுக்கு நான் எடுக்கிற அளவுக்கு அர்த்தம் இல்லை. கனத்த சுடிதாருக்கு மேலே டேப் வைத்தால் சுற்றளவில் ஒரு அங்குலம் வரை கூடக் காட்டும். பிளவுஸ் தொளதொளத்துப் போனதற்குத் தையல்காரியைத் திட்டுகிறவர்கள், அளவு கொடுத்த அன்றைக்கு என்ன போட்டிருந்தோம் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். என் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டாமா?

நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம், தேங்காய் எண்ணெய். குளித்துத் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னி வருவது நமக்குப் பழக்கம். ஆலயத்துக்கு வெள்ளைச் சேலையோ வெள்ளைக் கவுனோ எடுக்கப் போகிற அன்று அதை விட்டுவிடுங்கள். பின்னல் நுனி கவுனின் முதுகில் பட்டால் போதும், ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சளாய்த் தெரியும். உங்களுக்குக் கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அந்தக் கவுனை அடுத்தவர் வாங்கமாட்டார். முகப்பவுடர், லிப்ஸ்டிக் கதையும் இதேதான். கல் வைத்த மோதிரத்தையும் கொக்கி வளையலையும் வீட்டில் கழற்றி வைத்துவிடுங்கள். ஜரிகை இழையை இழுத்துவிடும். கொலுசு நெட் துணியில் மாட்டும்.

இனி காலுக்கு வருவோம்.

பட்டுக் கடைகளில் மெத்தை விரித்த இடத்தில் செருப்பைக் கழற்றித்தான் ஏறி உட்கார வேண்டும். ஒரு கடைக்கு மூன்று தடவையாவது கழற்றி மாட்டுவோம். வாரும் பக்கிளும் வைத்த செருப்பு அன்றைக்குப் பகையாளி. அதற்காக ஹவாய் செருப்பும் சரிப்படாது. மழை பெய்த தெருவில் அது பின்னங்காலில் சேற்றைத் தெறிக்கும். கடைக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால் முழங்கால் வரை புள்ளி புள்ளியாய் இருக்கும். காலை நுழைத்தால் மாட்டுகிற, அடியில் ஆழமாய் வரி வெட்டிய, குதிகால் தட்டையான ரப்பர் செருப்பு நல்லது. மேல் பட்டை அகலமாக இருக்கட்டும். பழகிய செருப்பாக இருக்க வேண்டும். அன்றைக்குப் புதுசு போடாதீர்கள். பையில் ஒரு ஜோடி மெல்லிய காட்டன் சாக்ஸ். கிரானைட் தரை மாலையில் ஐஸ் மாதிரி ஆகிவிடும். ட்ரையல் ரூம் தரையில் வெறும் காலோடு நின்று வெள்ளைக் கவுனுக்குள் கால் விடுவதும் சுத்தமில்லை.

இவ்வளவு சொல்கிறேனே, நானே ஒரு தடவை பெரிய தப்புப் பண்ணினேன். அக்கா மகளுக்கு, கருங்கல் பக்கம் வீடு. காலையில் ஆலயத்தில் கவுன், மாலை வரவேற்புக்குப் பட்டு. கவுனை நான்தான் தைத்தேன். முதல் ட்ரையல் அன்று காலை ஒன்பதரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கி, பட்டு எடுத்து, மாப்பிள்ளை வீட்டுக்கு எடுத்து, சாயங்காலம் ஐந்துக்கு என் கடைக்கு வந்தாள். "எனக்க காலு நல்லா கடுக்குது சித்தி" என்று செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். நானும் இரக்கப்பட்டு அப்படியே நிற்கவைத்து, முன்பக்கம் தரையிலிருந்து அரை அங்குலம் விட்டுக் கீழ் ஓரத்துக்கு ஊசி குத்தினேன். அளவு அருமை. ஒரு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தும் முடித்தேன்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் அவள் வாங்கி வந்த செருப்பில் குதிகால் இரண்டரை அங்குலம். ஆள் ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டாள். கவுன் கணுக்காலுக்குப் போய்விட்டது. மடிப்பைப் பிரித்தாலும் ஒரு அங்குலம்தான் கிடைக்கும். மிச்சத்துக்கு எங்கே போவது? சேலையானால் கொஞ்சம் இறக்கிக் கட்டிச் சமாளிக்கலாம், அதற்குள் போடுகிற பாவாடையைத் தாழ்த்திக் கட்டலாம். ஆனால் முன்கூட்டியே மடிப்பு எடுத்து அயர்ன் பண்ணிப் பெட்டியில் வைக்கிற சேலைக்கு அந்த வசதி குறைவு. மடிப்பு எடுக்கிறவருக்கும் குதிகால் உயரம் தெரிந்தாக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கவுன் ட்ரையலுக்குச் செருப்பு வேண்டும். அந்தச் செருப்பை வாங்க நல்ல நேரம் சாயங்காலம். நாள் முழுக்க நின்றால் காலில் நீர் கீழே இறங்கிப் பாதம் வீங்கும். காலை பத்து மணிக்குக் கச்சிதமாய் இருந்த செருப்பு, மணமேடையில் மூன்று மணி நேரம் நின்றபின் கடிக்கும். அதனால் செருப்புக்குத் தனியாக வேறொரு நாள், ட்ரையலுக்கு முன்னால், சாயங்காலமாய்ப் போங்கள். முடியாவிட்டால் என்ன உயரம் என்பதை மட்டும் முடிவு பண்ணுங்கள். வீட்டில் அதே உயரத்தில் பழைய செருப்பு இருக்கும். ஸ்கேலைக் குதிகாலின் நடுவில் நிறுத்தி அளந்து பார்த்து அதை ட்ரையலுக்குக் கொண்டு வாருங்கள். முன்னால் சொன்ன தட்டையான செருப்பில் நாள் முழுக்க நடங்கள், ஊசி குத்தும் பத்து நிமிஷத்துக்கு மட்டும் இதை மாட்டுங்கள்.

வாங்கும்போது இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள். பலருக்கு ஒரு பாதம் கொஞ்சம் பெரிசு. பெரிசுக்குத்தான் வாங்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் அரைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். முட்டத்திலோ சொத்தவிளையிலோ கடற்கரையில் போட்டோ எடுக்கிற எண்ணம் இருந்தால் ஊசிக் குதிகாலை மறந்துவிடுங்கள், மணலில் புதைந்துபோகும். அகலக் கட்டைக் குதிகால் தாங்கும்.

மாப்பிள்ளைக்கு ஒரே வரி: கோட்டு ட்ரையலுக்கு முழுக்கைச் சட்டையும் ஷூவும் போட்டுப் போகட்டும். கோட்டுக் கைக்கு வெளியே சட்டை அரை அங்குலம் தெரிய வேண்டும். டி-ஷர்ட்டில் போய் நின்றால் அதை எப்படிப் பார்ப்பது?

அக்கா மகள் கவுன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மடிப்பைப் பிரித்து ஒரு அங்குலம் இறக்கினேன். பழைய மடிப்புக் கோடு வெள்ளைத் துணியில் எவ்வளவு அயர்ன் போட்டும் போகவில்லை. அதை மறைக்க நான்கு அங்குல லேஸ் வாங்கி, கோட்டுக்கு மேலே பிடித்து, ஓரத்துக்குக் கீழே ஒரு அங்குலம் தொங்கவிட்டு இரண்டு ராத்திரி கையால் தைத்தேன். ஆலயத்தில் எல்லாரும் அந்த லேஸை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

வணக்கம்.