வோபரினும் ஐந்து கேள்வி அட்டைகளும்

வணக்கம் நேயர்களே. மருந்தாளர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கையில் ஒரு கட்டுக் கேள்வி அட்டை வைத்திருப்பார்கள். முன்பக்கம் இரண்டு மருந்தின் பெயர், பின்பக்கம் விடை. பஸ்ஸில் போகும்போதும் புரட்டிப் புரட்டிப் பாடமாக்குவார்கள். இன்றைக்கு அந்தக் கட்டில் வோபரின் என்ற ஒரே ஒரு மருந்தோடு சேர்ந்த அட்டைகளை மட்டும் எடுத்துக் கதைக்கப் போகிறேன். படிக்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன் என்றாலும், வீட்டில் யாரும் வோபரின் பாவித்தால் நீங்களும் காது கொடுத்துக் கேளுங்கள்.

வோபரின் இரத்தம் உறைவதைக் குறைக்கிற குளிசை. இதய வால்வு மாற்றினவர்கள், இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறவர்கள், காலில் இரத்தக்கட்டி வந்தவர்கள் பாவிப்பார்கள். அளவு சரியா என்று பார்க்க ஐ.என்.ஆர் என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள். சாதாரண ஆளுக்கு அது ஏறத்தாழ 1. வோபரின் பாவிப்பவர்களில் பலருக்கு 2க்கும் 3க்கும் இடையில் வேண்டும். இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வுக்குச் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட, 2.5க்கும் 3.5க்கும் இடையில். கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் கட்டி விழும். இடைவெளி சின்னது. அதனால்தான் இந்த ஒரு மருந்துக்கு இவ்வளவு அட்டை.

முதலாவது அட்டை, வோபரினும் மெற்றோனிடசோல் என்ற கிருமிகொல்லி மருந்தும். பெரும்பாலான அட்டைகளின் பின்பக்கத்தில் "இரத்தப்போக்கு கூடும்" என்று மட்டும் எழுதியிருக்கும். இந்த விடை பிழை என்று சொல்லமாட்டேன், ஆனால் அரைவாசிதான். கவுண்டரில் நிற்கிற ஆளுக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஏன் கூடும், எத்தனையாம் நாள் கூடும், அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் பின்பக்கத்தில் இருக்க வேண்டும். எத்தனையாம் நாள் என்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். ஐம்பத்தைந்து வயது அம்மா. மைட்ரல் வால்வு மாற்றியவர், இரவில் வோபரின் 5 மில்லிகிராம். கடைசி ஐ.என்.ஆர் 2.9, நல்ல நிலை. பல்லடியில் சீழ் வைத்து, பல் வைத்தியர் மெற்றோனிடசோல் 400 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தரம் ஐந்து நாளைக்கும், நோவுக்கு டைக்குளோபெனாக் 50 மில்லிகிராமும் எழுதியிருக்கிறார். துண்டைக் கொண்டு மருந்துக்கடைக்கு வருகிறார்.

"வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களோ அம்மா?" என்று கேட்டால், "இல்லைத் தம்பி" என்றுதான் பதில் வரும். வருசக்கணக்கில் போடுகிற குளிசை அவருக்கு மருந்து மாதிரித் தெரியாது. பல் வைத்தியரிடமும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: "கிளினிக் போறனீங்களோ? கொப்பி கையில இருக்கோ? இரத்தம் உறையிறது பாக்க இரத்தம் குடுக்கிறனீங்களோ?" மூன்றாவது கேள்விக்கு ஓம் என்று வந்தால், துண்டைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு வருவோம். வோபரினில் இரண்டு வடிவம் கலந்திருக்கிறது. பலம் கூடினது எஸ் வடிவம். ஈரலில் சைப் 2சி9 என்ற நொதியம்தான் அதை உடைத்து வெளியேற்றுகிறது. மெற்றோனிடசோல் இந்த உடைப்பைத் தடுத்துவிடுகிறது. அம்மா இரவில் போடுவது அதே 5 மில்லிகிராம்தான், ஆனால் வெளியே போவது குறைந்துவிட்டது. தண்ணீர்த் தாங்கியின் கீழ்க் குழாயைப் பாதி அடைத்துவிட்டு மேலே வழமைபோல் நிரப்பினால் மட்டம் மெல்ல மெல்ல ஏறுமே, அப்படித்தான்.

மெல்ல மெல்ல என்று சொன்னேன், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வோபரின் நேரே இரத்தத்தில் வேலை செய்வதில்லை. விற்றமின் கே திரும்பப் பாவனைக்கு வருவதைத் தடுத்து, ஈரல் உறைவுக் காரணிகளைச் சரியாகச் செய்யவிடாமல் பண்ணுகிறது. 2, 7, 9, 10 ஆகிய காரணிகள். ஏற்கெனவே செய்து இரத்தத்தில் விட்ட காரணிகள் தீரும்வரை முழுப் பலன் தெரியாது. 7ஆம் காரணி சில மணித்தியாலத்தில் பாதியாகும். 2ஆம் காரணி பாதியாக இரண்டரை நாள் அளவில் எடுக்கும். ஆகவே மெற்றோனிடசோல் தொடங்கிய அன்றும் மறுநாளும் அம்மாவுக்கு ஒன்றும் இருக்காது. அடுத்த நாள் ஐ.என்.ஆர் பார்த்தால் 3 அளவில்தான் நிற்கும், "பிரச்சினை இல்லை" என்று நினைத்துவிடுவோம். ஏற்றம் மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் தெரியும். பரிசோதனை செய்ய வேண்டியது மூன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட நாளில். இதைப் பின்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள்.

இனி என்ன செய்வது? வோபரினை நிற்பாட்டுங்கோ என்று மருந்தாளர் தன்பாட்டில் சொல்லக்கூடாது, செயற்கை வால்வில் கட்டி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. முதல் வேலை பல் வைத்தியரோடு தொலைபேசியில் கதைப்பது. ஒவ்வாமை இல்லையென்றால் அமொக்சிசிலின் மட்டும் போதுமா என்று கேட்கலாம். அதிலும் ஐ.என்.ஆர் கொஞ்சம் அசையக்கூடும், ஆனால் இந்த அளவுக்கு அல்ல. மெற்றோனிடசோல் கட்டாயம் வேண்டும் என்றால் கிளினிக் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். அவர் வோபரின் அளவை நாலில் ஒன்று அல்லது மூன்றில் ஒன்று குறைக்கலாம், அல்லது அளவை விட்டுவிட்டு நாலாம் நாள் பரிசோதிக்கலாம். தீர்மானம் அவருடையது.

ஒருவரும் கவனிக்கவில்லை என்று வையுங்கள். ஐந்தாம் நாள் ஐ.என்.ஆர் 5.4. இரத்தக்கசிவு இல்லையென்றால், வைத்தியர் பெரும்பாலும் ஒரு வேளையோ இரண்டு வேளையோ வோபரினை விட்டு, பிறகு குறைந்த அளவில் தொடங்குவார். முரசில் இரத்தம் நிற்காமல் வருவது, மூக்கால் வடிவது, அடிபடாத இடத்தில் கண்டல், சிறுநீர் சிவப்பாகப் போவது, மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, கடுமையான தலையிடி, இவற்றில் எது இருந்தாலும் கிளினிக் திகதி பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த அட்டைக்கு ஒரு வால் இருக்கிறது. மெற்றோனிடசோல் ஐந்து நாளில் முடிந்துவிடும். அடைத்த குழாய் திறந்துவிடும். அளவைக் குறைத்து வைத்திருந்தால், அதைப் பழைய அளவுக்குத் திருப்ப யாராவது ஞாபகம் வைக்க வேண்டும். திருப்பாவிட்டால் ஐ.என்.ஆர் 2.5க்குக் கீழே போய், வால்வில் கட்டி விழுகிற பக்கம் ஆபத்து வரும். மருந்து முடிந்து ஒரு கிழமைக்குள் இன்னொரு பரிசோதனை. ஏற்றத்துக்கு ஒரு நாள், இறக்கத்துக்கு ஒரு நாள். கோ-ட்ரைமொக்சசோல், புளுகொனசோல் அட்டைகளுக்கும் இதே நொதியம், இதே விடைதான். தனித்தனியாகப் பாடமாக்க வேண்டாம்.

இரண்டாவது அட்டை, வோபரினும் டைக்குளோபெனாக்கும். அந்த அம்மாவின் துண்டில் இதுவும் இருந்தது. இங்கே பொறி வேறு. மேலே படித்ததை அப்படியே ஒட்டி, "ஐ.என்.ஆர் கூடும், ஐந்தாம் நாள் பார்க்கவும்" என்று எழுதினால் பிழை. டைக்குளோபெனாக்கோடு ஐ.என்.ஆர் 2.9 ஆகவே நிற்கலாம், ஆனாலும் இரைப்பையில் இரத்தம் கசியலாம். அது இரைப்பைச் சுவரைக் காக்கிற பொருட்களைக் குறைக்கிறது, குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டுவதையும் குறைக்கிறது. ஐ.என்.ஆர் இந்த இரண்டில் எதையும் அளப்பதில்லை. ஆகவே நல்ல எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக்கூடாது. "சாப்பிட்டிட்டுப் போட்டா ஒண்டும் செய்யாது" என்பதும் சரியில்லை, ஊசியாகப் போட்டாலும் அது இரத்தத்தின் வழியாகத்தான் இரைப்பையைத் தாக்குகிறது. விடை: தவிர்க்க, பரசிற்றமோல் கேட்க.

அந்தப் பரசிற்றமோல்தான் மூன்றாவது அட்டை. இடைக்கிடை இரண்டு குளிசை போட்டால் பயமில்லை. ஆனால் 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு நாலு அல்லது அதற்கு மேல், தொடர்ந்து பல நாள் போட்டால் ஐ.என்.ஆர் ஏறக்கூடும். வோபரின் பாவிப்பவருக்கு உகந்த நோவுக் குளிசை இதுதான், எல்லை மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நாலாவது, எனக்கு மிகவும் அக்கறையுள்ள அட்டை: வோபரினும் கீரையும். "கீரை சாப்பிடக்கூடாது" என்று எழுதின அட்டை இருந்தால் கிழித்துப் போடுங்கள். முருங்கை இலை, பசளி, பொன்னாங்காணி, வல்லாரை எல்லாவற்றிலும் விற்றமின் கே இருக்கிறது, அது வோபரினுக்கு எதிராக நிற்கும். உண்மை. ஆனால் கிழமைக்கு மூன்று நாள் முருங்கையிலை வறை சாப்பிடுகிற ஆளுக்கு, அந்தச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் வைத்தியர் 5 மில்லிகிராம் என்று கண்டுபிடித்திருக்கிறார். மருந்துக்கடையில் யாரோ சொன்னார் என்று கீரையை ஒரேயடியாக விட்டால், அதே 5 மில்லிகிராம் அவருக்குக் கூடிப்போகும். பிழை கீரையில் இல்லை, திடீர் மாற்றத்தில்.

எங்கள் ஊரில் இந்த மாற்றம் நாட்காட்டியோடு வரும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மரக்கறி என்று வீட்டில் கீரை கூடினால் ஐ.என்.ஆர் இறங்கலாம். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் வெறும் பாலும் பழமுமாக இருந்தால் விற்றமின் கே வரத்துக் குறைந்து ஏறலாம். விரதம் பிடிக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. எந்தத் திகதியில் விரதம் என்று கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்றபடி இரத்தப் பரிசோதனைக்கு நாள் குறிக்கச் சொல்லுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் "கீரை: வழமையான அளவு, வழமையான தடவை" என்று எழுதினால் சரி.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். ஐந்தாவது அட்டையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். காசநோய்க்குக் கொடுக்கிற றிபாம்பிசின். இது எதிர்ப்பக்கம், ஈரலை மேலதிக நொதியம் செய்ய வைத்து வோபரினை வேகமாக வெளியேற்றும். பலன் தெரிய ஒரு கிழமை அளவு, முழுதாக இரண்டு மூன்று கிழமை. வோபரினை இரண்டு மூன்று மடங்கு கூட்டவேண்டி வரலாம். ஆறு மாதச் சிகிச்சை முடிந்து றிபாம்பிசின் நின்றால், அந்த மேலதிக நொதியமும் சில கிழமைகளில் குறைந்துவிடும், கூட்டின வோபரின் அப்படியே இருக்கும். எனவே றிபாம்பிசின் கடைசிக் குளிசை போட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குக் கிழமைக்கொரு தரம் ஐ.என்.ஆர் பார்த்து, அளவைப் படிப்படியாக இறக்க வேண்டும். நன்றி, வணக்கம்.