இரண்டாவது கையெழுத்துக்குக் காத்திருக்கும் பணம்

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். மாலை நாலு மணிக்குக் கணக்காளர், "சார், மில்லுக்குப் பேமெண்ட் போட்டாச்சு" என்கிறார். ஆறு மணிக்கு நூற்பாலையிலிருந்து ஃபோன் வருகிறது: "இன்னும் பணம் வரலீங்க, வந்ததும் லோடு ஏத்திடறோம்." கணக்காளர் சொன்னதும் பொய்யில்லை, மில்காரர் சொன்னதும் பொய்யில்லை. பணம் இன்னும் நிறுவனத்தின் கணக்கிலேயேதான் இருக்கிறது. இரண்டாவது ஆள் ஒப்புதல் கொடுக்காததால் அந்தப் பதிவு வங்கியின் ஒப்புதல் வரிசையில் நிற்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கணக்காளரிடம் யூடிஆர் எண், அதாவது அந்தப் பரிமாற்றத்துக்கான தனி அடையாள எண்ணைக் கேளுங்கள். பதிவு செய்தவுடன் திரையில் வருவது வங்கி மென்பொருளின் சொந்த ரெஃபரன்ஸ் எண். அதை வைத்து மில்காரரால் எதையும் தேட முடியாது. பணம் உண்மையிலேயே புறப்பட்ட பிறகுதான் யூடிஆர் உருவாகும். ஆர்டிஜிஎஸ் என்றால் அதில் 22 எழுத்துகளும் எண்களும் இருக்கும். முதல் நான்கு எழுத்து பணம் அனுப்பும் வங்கியைக் குறிக்கும். யூடிஆர் இல்லையென்றால் பணம் போகவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி மில்காரரைச் சமாதானப்படுத்தப் பார்ப்பது வீண் வேலை.

வரிசையில் நிற்கும் தொகையை வங்கி தனியாகப் பிடித்து வைப்பதில்லை. இருப்பு போதுமா என்று பெரும்பாலும் கடைசி ஒப்புதல் விழும்போதுதான் பார்க்கும். நடுவில் ஒரு காசோலை பாஸானாலோ, கடன் தவணை கழிந்தாலோ, இரண்டாவது ஆள் ஒப்புதல் கொடுத்த மறு நொடியே 'போதிய இருப்பு இல்லை' என்று பதிவு திரும்பிவிடும். காலையில் கணக்கில் பணம் இருந்ததே என்று கேட்டுப் பயனில்லை.

சரி, யார் யார் கையெழுத்து வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? வங்கி இல்லை. கணக்கு தொடங்கும்போது நிறுவனமே எழுதிக் கொடுத்த விதி அது. கம்பெனி என்றால் போர்டு தீர்மானம், பார்ட்னர்ஷிப் என்றால் பங்குதாரர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட கடிதம். நாம் பார்க்கும் நிறுவனத்தில் அண்ணனும் தம்பியும் பங்குதாரர்கள். இரண்டு லட்சம் வரை யாராவது ஒருவர் போதும், அதற்கு மேல் இருவரும் வேண்டும். கணக்காளர் மேக்கர், அதாவது பதிவு மட்டும் செய்பவர். ஒப்புதல் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. நூலுக்கான தொகை 6,40,000 ரூபாய். அண்ணன் நாலரைக்கே ஒப்புதல் கொடுத்துவிட்டார். தம்பி வியாபார விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறார்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் "வங்கி நேரம் முடிஞ்சுபோச்சு" என்று சொல்லித் தப்பிக்கலாம். நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் நாள் முழுக்க நடக்கிறது. அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் பணம் போகும். ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதல் அப்படியே; நள்ளிரவையொட்டிக் கணக்கை முடித்துத் திறக்கும் சிறு இடைவெளி மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தம்பி ஒப்புதல் கொடுத்தாலும் பணம் போகும். தாமதம் இப்போது நிறுவனத்துக்குள்ளேதான்.

ஆறு மணி ஆகிறது, மில்காரர் அவசரப்படுத்துகிறார். இந்த நேரத்தில் இரண்டு தவறுகள் நடக்கும். முதல் தவறு, 'ஒருவேளை சரியாகப் பதிவாகவில்லையோ' என்று கணக்காளர் அதே தொகையை மறுபடி பதிவு செய்வது. இப்போது வரிசையில் 6,40,000 இரண்டு முறை நிற்கிறது. அண்ணன் முதல் பதிவுக்குக் கொடுத்ததை மறந்து, அல்லது இதுதான் சரியான பதிவு என்று நினைத்து, இதற்கும் ஒப்புதல் கொடுக்கிறார். தம்பி ஹோட்டலுக்கு வந்து, களைப்போடு திறந்து, 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்பதை டிக் செய்கிறார். 12,80,000 போய்விடும். ஆர்டிஜிஎஸ் தீர்வு இறுதியானது, அனுப்பியவர் திரும்பப் பெற முடியாது. மில்காரர் நல்லவராக இருந்தால் திருப்பி அனுப்புவார், அல்லது அடுத்த பில்லில் கழிப்பார்.

இரண்டாவது தவறு சாமர்த்தியம் போலத் தோன்றும். தொகையை 1,60,000 வீதம் நான்காக உடைத்து, இரண்டு லட்சத்துக்குக் கீழே இருப்பதால் அண்ணன் ஒருவரே அனுப்புவது. ஆர்டிஜிஎஸ்ஸுக்குக் குறைந்தபட்சத் தொகையே இரண்டு லட்சம் என்பதால் நான்கும் நெஃப்ட்டில்தான் போகும். சில வங்கிகளில் ஒரு நாளின் மொத்தத்துக்கும் வரம்பு வைத்திருப்பார்கள். அங்கே இரண்டாவதோ மூன்றாவதோ தடுக்கப்படும், பாதிப் பணம் போய்ப் பாதி நிற்கும். வரம்பு இல்லாத இடத்தில் நான்கும் போகும். ஆனால் இருவர் கையெழுத்து என்று பங்குதாரர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு அதன்பின் என்ன மதிப்பு? அண்ணன் தம்பிக்குள் பின்னால் மனத்தாங்கல் வந்தால், முதலில் எடுத்துக் காட்டப்படுவது இந்த நான்கு பதிவுகள்தான்.

கிளைக்குப் போனால் நடக்குமா? நடக்காது. கிளையில் கொடுக்கும் படிவத்துக்கும், காசோலைக்கும் அதே விதிதான். தம்பி கையெழுத்து இல்லாமல் ஏற்க மாட்டார்கள். வங்கி ஊழியர் யாருக்காகவும் ஒப்புதல் கொடுக்க முடியாது. எந்த யூசரிடம் பதிவு நிற்கிறது, அவர் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறதா என்று சொல்லலாம், பூட்டைத் திறந்து கொடுக்கலாம். ஆகவே வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் செய்தால் "பணம் ஏன் போகவில்லை" என்று கேட்காதீர்கள். "இந்த ரெஃபரன்ஸ் எண் யாருடைய வரிசையில் இருக்கிறது, அந்த யூசர் ஆக்டிவா?" என்று கேளுங்கள்.

தம்பியால் ஏன் முடியவில்லை என்பதற்கு வருவோம். வெளிநாட்டில் அவர் இந்திய எண்ணுக்கு இன்டர்நேஷனல் ரோமிங் போடவில்லை என்றால் ஓடிபி வராது. ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் ஓடும், ஓடிபி குறுஞ்செய்தி வராது. இணையத்தின் வழியே ஒப்புதல் கொடுக்கும் செயலி பல வங்கிகளில் இருக்கிறது. ஆனால் அதை முதல்முறை இயக்க பெரும்பாலும் அதே சிம் ஃபோனில் இருந்தாக வேண்டும். ஊரில் இருக்கும்போதே செய்துவைக்க வேண்டிய வேலை இது. டிஜிட்டல் கையெழுத்து வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை: யூஎஸ்பி டோக்கன் அலுவலக மேஜை டிராயரில் இருக்கும், அல்லது அதிலுள்ள சான்றிதழ் காலாவதியாகியிருக்கும்.

இன்னொன்று, தம்பி உள்ளே போயும் "எனக்கு எதுவுமே காட்டலையே" என்பது. இது புதிய மில்லாக இருந்தால், பணம் பெறுபவராக அந்தக் கணக்கைச் சேர்ப்பதற்கே தனி ஒப்புதல் வேண்டும். அது வேறு மெனுவில் நிற்கும். அதை முடித்தால்தான் பேமெண்ட் நகரும். சம்பளம் போல மொத்தமாக ஃபைல் ஏற்றினாலும் அப்படித்தான், அது ஒற்றைப் பேமெண்ட் வரிசையில் தெரியாது. அதோடு, பதிவில் கணக்காளர் ஒரு எழுத்துத் திருத்தினாலும் பொதுவாக அண்ணன் கொடுத்த ஒப்புதல் செல்லாமல் போய் மறுபடி அவரிடமிருந்தே தொடங்கும். அண்ணனோ "நான் அப்பவே குடுத்துட்டேனே" என்று இருப்பார்.

மில் விஷயத்தில் லோடு ஒரு நாள் தள்ளும், அவ்வளவுதான். வரி என்றால் கணக்கு வேறு. ஜூன் 20ஆம் தேதி பிடித்தம் செய்த டிடிஎஸ் 40,000 ரூபாய் என்று வையுங்கள். ஜூலை 7க்குள் கட்ட வேண்டும். கணக்காளர் 7ஆம் தேதி மாலை பதிவு செய்கிறார், இரண்டாவது ஒப்புதல் 8ஆம் தேதி காலையில் விழுகிறது. வரித் துறைக்குப் பதிவு செய்த தேதி கணக்கில்லை, பணம் கட்டப்பட்ட தேதிதான் கணக்கு. தாமதத்துக்கு மாதத்துக்கு 1.5 சதவீதம், மாதத்தின் பகுதியும் முழு மாதம், அதுவும் பிடித்தம் செய்த நாளிலிருந்து. வரித் துறையின் ட்ரேசஸ் தளம் காலண்டர் மாதமாக எண்ணுவதால் ஜூன் ஒன்று, ஜூலை ஒன்று, ஆக 3 சதவீதம். ஒரு ராத்திரி தாமதத்துக்கு 1,200 ரூபாய். அதனால் வரிப் பதிவுகளைக் கடைசி நாளில் வைத்துக்கொள்ளாமல், 4 அல்லது 5ஆம் தேதியே வரிசையில் ஏற்றிவிடுவது நல்லது.

இவ்வளவு தொல்லையா என்று தம்பி தன் பாஸ்வேர்டைக் கணக்காளரிடம் கொடுத்துவிட்டுப் போவதும், ஓடிபியை ஃபோனில் படித்துச் சொல்வதும் பல அலுவலகங்களில் சாதாரணம். இதை நான் வன்மையாகக் கண்டிப்பேன். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சப்ளையர் பெயரில் போலி மின்னஞ்சல் வரும்போது, அதைப் பிடிக்கக்கூடிய கடைசி ஆள் இரண்டாவது ஒப்புதல்காரர்தான். நெஃப்ட்டும் ஆர்டிஜிஎஸ்ஸும் கணக்கு எண்ணை வைத்துத்தான் வரவு வைக்கின்றன, பெயரைப் பொருத்திப் பார்ப்பதில்லை. பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் கொடுக்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. இரண்டாவது ஆள் அந்தப் பெயரைப் பார்க்க வேண்டும், கணக்கு எண்ணைப் போன தடவை அனுப்பியதோடு ஒப்பிட வேண்டும், தொகையைப் பில்லோடு ஒப்பிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. கணக்கு எண் மாறியிருந்தால் மின்னஞ்சலில் இருக்கும் ஃபோன் எண்ணுக்கு அல்ல, சப்ளையரின் பழைய ஃபோன் எண்ணுக்கு அழைத்துக் கேட்க வேண்டும்.

சரியான தீர்வு மூன்றாவது ஒப்புதல்காரர். 'அண்ணனும் தம்பியும்' என்ற விதியை 'மூவரில் எந்த இருவரும்' என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். மூன்றாமவர் நம்பகமான மேலாளராகவோ குடும்பத்தில் ஒருவராகவோ இருக்கலாம். தணிக்கை செய்யும் ஆடிட்டரைப் போடாதீர்கள், தான் அனுப்பிய பணத்தைத் தானே தணிக்கை செய்வது சரியல்ல. பங்குதாரர்கள் கையெழுத்திட்ட கடிதம், புதியவரின் அடையாள ஆவணங்கள், யூசர் படிவம் எல்லாம் கொடுத்துப் புது யூசர் வேலை செய்யத் தொடங்கச் சில வேலை நாட்களாவது ஆகும். தம்பி விமான டிக்கெட் எடுக்கும் நாளிலேயே தொடங்கினால்தான் கைக்கு உதவும். மூன்றாமவர் பெயரைச் சேர்த்தவுடன் சின்னத் தொகை ஒன்றை அவர் வழியாக அனுப்பிச் சோதித்துவிடுங்கள். முதல்முறை உள்ளே போகும்போதுதான் பாஸ்வேர்டு மாற்றம், மொபைல் எண் சரிபார்ப்பு எல்லாம் வந்து நிற்கும்.

தம்பி ஊர் திரும்பியதும் செய்ய ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மில்லுக்கு வேறு வழியில் பணம் கொடுத்து முடித்திருந்தால், அந்தப் பழைய 6,40,000 பதிவு இன்னும் வரிசையில் உயிரோடு இருக்கக்கூடும். சில வங்கிகளில் குறித்த தேதி கடந்தால் தானே ரத்தாகும், சிலவற்றில் பல நாள் அப்படியே நிற்கும். அதைத் திறந்து, காரணம் எழுதி, நிராகரித்துவிட்டு மற்றவற்றுக்குப் போகச் சொல்லுங்கள். வணக்கம்.