சர்க்கரைத் தண்ணீரைத் திரும்பிப் பார்க்காத எலி

(கோத்தகிரி பக்கத்து மலையூர் ஒன்றில், படிப்பக ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, இந்தக் குளிரிலும் கம்பளி போர்த்தாமல் கம்பீரமாக அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்த ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திய சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்து நண்பர்களே, ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டே இருக்கும் தம்பியே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் சொல்லாமல் விட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லோர் பெயரையும் சொன்னால் டீ ஆறிவிடும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'மன அழுத்தத்துக்குப் பின் மனம் மரத்துப் போவது'. மூன்று செய்தி சொல்கிறேன். அது ஏன் வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்தால் என்ன செய்வது. நான் எந்த மேடையில் ஏறினாலும் ஒரு பழமொழி கூடவே ஏறும், அது உங்களுக்குத் தெரியும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். விடாமுயற்சிக்குத்தான் இதைச் சொல்வோம். இன்று அந்த அம்மியின் பக்கம் நின்று பேசப்போகிறேன்.

1987-இல் பால் வில்னர் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எலிக்கு இனிப்பு பிடிக்கும். வெறும் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சர்க்கரைத் தண்ணீர்தான் வேகமாகக் காலியாகும். இந்த எலிகளுக்கு அவர்கள் பெரிய கொடுமை எதுவும் செய்யவில்லை. ஒரு நாள் கூண்டைக் கொஞ்சம் சாய்த்து வைப்பார்கள். ஒரு நாள் படுக்கும் இடத்தை ஈரமாக்குவார்கள். ஒரு ராத்திரி விளக்கை அணைக்க மாட்டார்கள். இன்னொரு நாள் கூண்டில் கூட இருந்த எலியை மாற்றிவிடுவார்கள். எல்லாமே சில்லறைத் தொந்தரவுதான். ஆனால் எது எப்போது வரும் என்று எலிக்குத் தெரியாது. இப்படியே வாரக்கணக்கில் போனது. பிறகு பார்த்தால் சர்க்கரைத் தண்ணீரில் அதற்கிருந்த ஆசை குறைந்துபோயிருந்தது. மனச்சோர்வுக்கு மனிதர்களுக்குத் தரும் மருந்து ஒன்றைக் கொடுத்தபோது அந்த ஆசை திரும்ப வந்தது. அதுவும் ஒரே நாளில் வரவில்லை, வாரக்கணக்கில்தான் வந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். மனம் மரத்துப்போக வீட்டில் இடி விழ வேண்டியதில்லை. கொழுந்து விலை இந்த வாரம் என்ன ஆகுமோ, இன்று ராத்திரி காட்டுமாடு தோட்டத்தில் இறங்குமோ, மழைக்கு ரோடு நிற்குமோ என்று வருஷக்கணக்கில் காத்துக்கொண்டே இருந்தால் போதும். அடிமேல் அடி!

எனக்குத் தெரிந்த ஒருவர் கதையைச் சொல்கிறேன். பக்கத்து ஊர்க்காரர், சிறு விவசாயி. சொல்லிக்கொள்ளுங்கள் என்று அவரே அனுமதி கொடுத்தார். பெயரை மட்டும் நான் விட்டுவிடுகிறேன். அவருடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷம் படுக்கையில் கிடந்தார். படுக்கைப் புண் வரக்கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், திருப்பிப் போட வேண்டும். இவர்தான் போட்டார். அலாரம் இல்லாமலே எழுந்துகொள்ளும் உடம்பாகிவிட்டது. நடுவில் சொசைட்டி கடன், மகள் கல்யாணம், கவாத்துக்கு ஆள் கிடைக்காத தொல்லை. இத்தனை நாளும் மனிதர் உடையவில்லை. பிறகு பெரியவர் போய்ச் சேர்ந்தார், கடனும் அடைந்தது. இனிமேலாவது நிம்மதியாக இரு என்று எல்லோரும் சொன்னோம்.

அங்கேதான் ஆரம்பித்தது. அப்பா சாவுக்கு அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. திடமான ஆள் என்றார்கள். சில மாதம் கழித்து கோயம்புத்தூரிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வந்தாள். முதல் பேரன். ஊரே கூடியிருக்கிறது. மடியில் வைத்தார்கள். இவர் இரண்டு கையாலும் கொழுந்து மூட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, "எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை. மகள் மட்டும் அதைப் பார்த்துவிட்டாள். ராத்திரி அடுப்படியில் வந்து, "அப்பா, எங்க மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டாளாம். அதற்கு அவர், "கோபம் வந்தாக்கூட நல்லா இருக்கும்மா, எதுவுமே வரல" என்றார்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கடன் தீர்ந்ததும் திமிர் வந்துவிட்டது என்றார்கள். எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டார்கள். சிநேகிதர் ஒருவர் மாலையில் கூட்டிப்போய் ஊற்றிக்கொடுத்தார். அன்று கொஞ்சம் பேசினாராம். அதுவே பழக்கமாகி, தூக்கம் கெட்டு, மறுநாள் பகல் இன்னும் மந்தமாகப் போனது. கடைசியில் முழங்கால் வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர் காலைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். போன இரண்டு வாரத்தில் எந்த வேலையிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா, எத்தனை நாள்? மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா, எத்தனை நாள்? இரண்டாவதற்கு அவர் இல்லை என்றார். முதல் கேள்விக்கு, "தினமும்" என்றார்.

இதைக் கவனியுங்கள். அழுகை இல்லை, சோகம் இல்லை, அதனால் நோய் இல்லை என்று நாம் முடிவுகட்டுகிறோம். மனச்சோர்வு நோய்க்கு அழுகை கட்டாயம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய தினமும், முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை என்றால் அது ஒன்றே டாக்டரிடம் போகப் போதுமான காரணம். வீட்டுப் பெண்களுக்கு இது முதலில் தெரியும். டீ கொடுத்தால் குடிப்பார், கேட்டு வாங்க மாட்டார். கிரிக்கெட் ஓடும், ஸ்கோர் கேட்டால் தெரியாது.

டாக்டர் முதலில் ரத்தம் எடுத்தார். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு இவற்றிலும் இதே மந்தம் வரும். அதெல்லாம் சரியாக இருந்தது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் கேட்டார். ஏனென்றால் மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளே சிலருக்கு உணர்ச்சியை மழுக்கிவிடும். அப்படித் தோன்றினால் நாமாக நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு என்று வேறு தொல்லை வரும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், இல்லை மாற்றுவார். சாராயத்தை நிறுத்தச் சொன்னார். இதையும் கேட்டார்: உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? இல்லை என்றார். அப்படித் தோன்றுகிறவர்கள் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ். இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். தினமும் இரண்டு சின்ன வேலை, குறித்த நேரத்தில். செய்வதற்கு முன்னால், இது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். செய்து முடித்தபின் இன்னொரு மார்க். மனம் வந்தால் செய்கிறேன் என்ற பேச்சே கிடையாது, மணி அடித்தால் செய்ய வேண்டும். தலைமையாசிரியனாக எனக்கு இது ரொம்பப் பிடித்த மருத்துவம். அந்த நோட்டை நான் பார்த்தேன். 'காலை, தோட்டம் வரை நடை: முன் 0, பின் 1.' 'மாலை, டவுன், டீக்கடை, கேரம் பார்ப்பது: முன் 1, பின் 3.' பக்கம் பக்கமாகப் பின்மார்க்குதான் கூடுதலாக இருந்தது, கொஞ்சம்தான் கூடுதல். இந்த நோயில் முதலில் போவது பெரும்பாலும் வேண்டும் என்ற ஆசைதான். அனுபவிக்கும் சக்தி கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆசை வரட்டும் என்று உட்கார்ந்தால் அது வரவே வராது. செய்த பிறகுதான் பின்னாலேயே வரும். எல்லோருக்கும் நோட்டு மட்டும் போதாது, சிலருக்கு மருந்தும் வேண்டும். எலிக்கே வாரக்கணக்கில் ஆனது. இவருக்கு இரண்டு மாதம் ஓடியபின் ஒரு நாள் தானாக வீட்டில் நம் மலைக் குழம்பைக் கேட்டாராம், "அவரைக்கொட்டை உதக்கா பண்ணி ரொம்ப நாளாச்சே?" அந்த அம்மா அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். அடிமேல் அடி அடித்தால் அம்மி திரும்பியும் நகரும் போலிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் அம்மா புன்னகைக்கிறார், என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும். அந்த நோட்டில் அதிக மார்க் வாங்கியது எது? மாலை டீக்கடை. அந்த ஊர்க்காரர் அங்கே எப்படிப் போனார்? பஸ்ஸில். நம் ஊருக்கு மாலை ஐந்தே முக்கால் பஸ் எங்கே? கொரோனாவில் நின்றது, நின்றதுதான். இந்த மலையில் இருட்டிய பிறகு நடக்கச் சொல்கிறீர்களா? வளைவுக்கு வளைவு காட்டுமாடு நிற்கிறது, பேக்கரி வாசல்வரை கரடி வருகிறது. ஐந்து மணிக்கே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் எந்த வேலையைச் செய்து மார்க் போடுவார்? ஊட்டிக்கு மனநல டாக்டரைப் பார்க்கப் போனவர் திரும்பி வர ஜீப்புக்கு என்ன கொடுக்கிறார் என்று கேளுங்கள். கூட்டம் இல்லை, டீசல் செலவு என்கிறார்கள். பஸ்ஸே விடாமல் கூட்டம் எங்கிருந்து வரும்? மாவட்ட மனநலத் திட்டம் இந்த நாட்டில் 1996-லிருந்து இருக்கிறது. திட்டம் இருக்குமிடம்வரை போக வண்டி வேண்டாமா? படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள அக்கா தங்கை ஒரு ராத்திரி வந்து மாற்றிவிட வேண்டுமென்றாலும் அதே பஸ்தான். ஊராட்சித் தலைவர் அம்மையார் தலையசைக்கிறார். மேடையில் அசைத்ததை எல்லோரும் பார்த்தீர்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. மூன்றாவது தடவை எழுதியிருக்கிறோம், அடிமேல் அடி. பெயரும் வார்டு எண்ணும் தெளிவாக எழுதுங்கள், போன தடவை பாதிப் பெயர் படிக்க முடியவில்லை. பேனா ஒன்றுதான் இருக்கிறது, தயவுசெய்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.