சாக்பீஸா, லத்தியா?

"வாத்தியார் கையில் சாக்பீஸ் இருக்கணுமா, லத்தி இருக்கணுமா? பாடம் நடத்துறவரை ஏட்டு ஆக்கிட்டா பிள்ளைகள் யாரை நம்பிப் பேசும்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தம்பி.

நடுவர் அவர்களுக்கும், விழாக் குழுவினருக்கும், நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டியிருந்தும் இந்நேரம் வரை மணலில் உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களுக்கும் வணக்கம். இருப்பது பத்து நிமிடம். குழந்தை மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் ஆசிரியரும் மருத்துவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டம் சரியா என்பதுதான் இன்றைய பட்டிமன்றம். சரி என்பது என் அணி. நேராகத் தம்பியிடமே போகிறேன்.

தம்பி, நான் முப்பத்திரண்டு வருடம் சாக்பீஸ் பிடித்தவள். ஒரே ஒரு முறை லத்தியும் பிடித்திருக்கிறேன். மூன்று நாள் பிடித்தேன். போலீசுக்குச் சொன்னதால் வந்த லத்தி இல்லை அது. சொல்லாமல் இருந்ததால் வந்தது.

இந்தக் கடற்கரையில்தான், ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி. அவள் பெயரும் வேண்டாம், அதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் சட்டம்தான். அப்பா விசைப்படகில் கூலி. அம்மா விடியுமுன் பாசி எடுக்கத் தண்ணீரில் இறங்குகிறவர். வீட்டோடு ஓர் உறவுக்காரர்.

படகு போகாத நாட்களில் நாலு பத்து மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடுவாள். படகு போகிற நாளில் மட்டும் ஓட மாட்டாள். "டீச்சர், வகுப்பக் கூட்டிட்டுப் போறேன்" என்பாள். கூட்டுவாள். கூட்டி முடித்த இடத்தையே மறுபடியும் கூட்டுவாள். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நான் மெச்சிக்கொண்டிருந்தேன். பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொல்லிப் பாராட்டவும் செய்தேன். தாய்மார்களே, இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஒரு புதன்கிழமை, விளக்குமாறைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது இந்த மேடைக்கு வேண்டாம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். அவள் எத்தனை முறை அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்று விரல் விட்டு எண்ணுங்கள். என்னிடம் சொன்னாள். ஒன்று.

நான் தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். நல்ல மனிதர், பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் நோட்டு வாங்கித் தருகிறவர். அவர் சொன்னார்: "டீச்சர், ஒரு பிள்ளை சொன்னதை வச்சு ஒரு குடும்பத்தைக் கெடுத்துரக் கூடாது. முதல்ல நாம விசாரிப்போம். உண்மைன்னா நானே புகார் கொடுக்கிறேன்." பாதி சரி, இல்லையா? குடும்பம் கெடக் கூடாது என்ற கவலை சரிதான். விசாரிக்கலாம் என்பதில்தான் எல்லாம் போயிற்று.

வியாழன் காலை, அவர் அறை. அவர், இரண்டு ஆசிரியைகள், பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து ஒருவர். நாலு பேர் உட்கார்ந்திருக்க அவள் நின்றுகொண்டு சொன்னாள். இரண்டு. மதியம் அம்மா வந்தார், அம்மாவின் முன்னால் சொன்னாள். மூன்று. வெள்ளிக்கிழமை தெருப் பெரியவர்கள் வந்தார்கள். நாலு. அப்புறம், அந்த உறவுக்காரரையே கூட்டி வந்து எதிரில் உட்கார வைத்தார்கள். "இப்ப சொல்லு பார்ப்போம்." ஐந்து.

ஐந்தாவது முறை அவள் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பொய் சொன்னேன்" என்றாள். தலைமை ஆசிரியர் நிம்மதியாக மூச்சு விட்டார். நானும் விட்டேன், அதை மறைக்க மாட்டேன். சனிக்கிழமை அந்த ஆள் கேரளாப் பக்கம் படகு வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் துணிமணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டாயிற்று, தடயமும் அதோடு போயிற்று.

அந்த மூன்று நாளில் லத்தி யார் கையில் இருந்தது, தம்பி? திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டது யார்? எதிரியை எதிரில் உட்கார வைத்தது யார்? நாங்கள்தான். ஏட்டு கூட அப்படிச் செய்ய முடியாது. குழந்தையின் வாக்குமூலத்தை முடிந்தவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம். குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் அவள் படவே கூடாது என்கிறது. காவல் நிலையத்தில் நடக்கக் கூடாதது எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது.

அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு ஆசிரியரைப் பார்த்து என்ன கேட்கிறது? கண்டுபிடி என்று கேட்கவில்லை. நிரூபி என்றும் கேட்கவில்லை. நடந்தது தெரிந்தாலோ, நடக்கலாம் என்று அஞ்ச இடம் இருந்தாலோ, காவல் துறைக்குத் தகவல் கொடு என்கிறது. நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக உன் மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. விசாரணைச் சுமையை ஆசிரியர் தோளிலிருந்து இறக்கி வைக்கிற சட்டம் அது. நாங்கள்தான் இறக்கியதைத் தூக்கிச் சுமந்தோம்.

தலைமை ஆசிரியரிடம் சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று நான் நினைத்தது இன்னொரு தப்பு. இங்கே இருக்கிற ஆசிரியர் பலரும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். தெரிந்த ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், இல்லை இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை போகும்.

கீழே இருந்து ஓர் அய்யா கேட்கிறார்: "அப்ப வாத்தியார் பிரம்பால அடிச்சாலும் போலீசா?" அய்யா, அது வேறு சட்டம், வேறு வழி. நான் சொல்லும் இந்தக் கட்டாயம் பாலியல் குற்றத்துக்கு மட்டும். உங்கள் பேரனை யாராவது அடித்திருந்தால் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், பேசுவோம்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அம்மா அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு செவிலியர் அக்கா. திரையை இழுத்து விட்டார். திரும்பத் திரும்பக் கேட்ட எங்களுக்கு வராத ஒரு கேள்வியைக் கேட்டார்: "வேற ஏதாச்சும் சொல்லணுமா தங்கம்?" அவ்வளவுதான். யார், எப்போது, எத்தனை முறை என்று துருவவில்லை. அவள் சொன்ன வார்த்தையை, திருத்தாமல், அழகுபடுத்தாமல், அப்படியே எழுதிக்கொண்டார்.

இளம் மருத்துவர் தயங்கினார். "அம்மா போலீஸ் வேண்டாம்னு அழுறாங்களே, சம்மதம் இல்லாம எப்படி?" செவிலியர் அக்கா சொன்ன பதிலை ஒவ்வொரு மருத்துவமனையிலும் எழுதி மாட்டலாம். "பரிசோதனைக்குத்தான் சம்மதம் வேணும் டாக்டர். தகவல் கொடுக்கச் சம்மதம் தேவையில்ல. மருந்துக்குப் போலீசும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம், முதல்ல வைத்தியத்தைப் பாருங்க." அப்புறம் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "உங்களுக்குத் தெரியாம நான் எதுவும் செய்ய மாட்டேன். ஆனா செய்யாம இருக்கவும் முடியாது" என்றார். விபத்துப் பதிவேட்டில் எழுதி, மகளிர் காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. மறுநாள் ஒரு பெண் உதவி ஆய்வாளர் சாதாரணச் சேலையில் வீட்டுக்கு வந்தார். அக்கம்பக்கத்தார் ஏதோ கணக்கெடுப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் விஷயம் போய்விட்டது.

எதிரணி மருத்துவர் அம்மா ஒன்று சொன்னார்கள், அதை நான் தள்ளிவிட மாட்டேன். பதினேழு வயதுப் பெண், காதலித்துப் போய், வயிற்றில் பிள்ளையோடு வருகிறாள். போலீசுக்கு எழுதினால் பையன் சிறைக்குப் போவான். எழுதுவார்கள் என்று தெரிந்தால் அடுத்த பெண் ஆஸ்பத்திரிக்கே வராமல் யாரோ கொடுக்கும் மாத்திரையை விழுங்குவாள். இது உண்மை. உச்ச நீதிமன்றமும் 2022 செப்டம்பரில் இதை உணர்ந்துதான், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்றது. பிள்ளையைப் பெற்றுக்கொள்ள வருகிறவளுக்கு என்ன வழி? அதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. அந்தக் கதவைச் சட்டம் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. ஆனால் பதினேழு வயதுக்காரிக்குக் கதவு திறக்கும்போது, பதினொரு வயதுக்காரியின் வீட்டுக் கதவை வெளியே பூட்டிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். மகாராஷ்டிரத்தில் ஒரு பள்ளி விடுதிச் சிறுமிகளைப் பார்த்த மருத்துவர் தெரிந்தும் சொல்லவில்லை என்ற வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அதே 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தது.

நடுவர் அவர்களே, மணி அடிக்கிறீர்கள், முடிக்கிறேன்.

வழக்கு நடந்தது. என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னிடம் கேட்டது வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான். "உங்கள் முன்னால்தானே அந்தப் பெண் பொய் என்று ஒப்புக்கொண்டாள்?" ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் வாயில் அந்தச் சொல்லை வைத்தது எங்கள் அறை. அந்த வழக்கு இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறது.

அவள் ஊரை விட்டுப் போகும் முன், அம்மாவோடு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். நாலு பத்து மணி அடித்தது. பழக்கத்தில் கை விளக்குமாறைத் தேடியது. எடுத்தாள், வைத்தாள். என்னிடம் வந்து கேட்டாள்:

"டீச்சர், போற ஊர்ல கடல் இல்லையாம். படகே போகாதாம். அப்ப தினமும் மணி அடிச்சதும் வீட்டுக்குப் போயிரலாமா?"

போகலாம் தங்கம் என்றேன்.

வணக்கம்.