‘என்றார்’, ‘என்றான்’, ‘என்றாள்’: ரஷ்யனில் எங்கே போயின?

வணக்கம். போன வாரம் கமெண்ட்டில் ஒருவர் கேட்டிருந்தார்: “தமிழ்க் கதையை ரஷ்யனுக்குக் கொண்டுபோகும்போது எது அதிகம் படுத்துகிறது?” வேற்றுமை உருபு, வினை நிலை என்றெல்லாம் நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். என்னைப் படுத்துவது ‘என்றார்’தான்.

ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். இந்த வீடியோவுக்காக நானே எழுதினேன். திண்ணையில் மூன்று பேர்: பாட்டி, அவருடைய மருமகன், பேரன் முத்து.

“மாப்பிள்ளை சாப்பிட்டாரா?” என்றாள் பாட்டி, சுவரைப் பார்த்து.
“ஆச்சு,” என்றார் அப்பா.
“எங்க? ஓட்டல்லயா?” என்றான் முத்து.
“வாய மூடு,” என்றார் அப்பா.
“நான் சொன்னேனே, வெளிய சாப்பிட்டா வயிறு கெடும்னு. டாக்டரும் வேணாங்கிறாராம்,” என்றாள் பாட்டி.

இதில் ‘என்றார்’, ‘என்றான்’, ‘என்றாள்’ எவ்வளவு வேலை செய்கின்றன பாருங்கள். பெயரையெல்லாம் எடுத்துவிட்டாலும் யார் பேசுகிறார்கள் என்று விகுதியே சொல்லிவிடும். ரஷ்யனில் இறந்தகால வினை, பேசுவது ஒரு மனிதர் என்றால், ஆண், பெண் இரண்டைத்தான் ஒருமையில் பிரித்துக் காட்டும். ஆண் என்றால் ‘ஸ்கஸால்’, பெண் என்றால் ‘ஸ்கஸாலா’. பாட்டி தப்பித்துவிட்டார். அப்பாவும் முத்துவும் ஒரே ‘ஸ்கஸால்’ ஆகிவிட்டார்கள். அப்பாவுக்கு இருந்த ‘ஆர்’ மரியாதையும் அதோடு போயிற்று.

முதல் வரைவில் ஐந்து இடத்திலும் ‘ஸ்கஸால்’, ‘ஸ்கஸாலா’ என்றே போட்டேன். நமக்கு ‘என்றான்’ கண்ணில் படாது. பத்து தடவை வந்தாலும் நிறுத்தற்குறி போலக் கடந்துவிடுவோம். ரஷ்ய வாசகருக்கு அப்படியில்லை. என் வரைவைப் படித்த ரஷ்யத் தோழி, “போலீஸ் ஸ்டேஷன் வாக்குமூலம் மாதிரி இருக்கிறது” என்றார்.

சரி என்று இரண்டாவது வரைவில் அகராதியைப் பிரித்து உட்கார்ந்தேன். பேச்சைக் குறிக்கும் வினைகள் ரஷ்யனில் கொட்டிக் கிடக்கின்றன. பாட்டி ‘ப்ரவர்ச்சாலா’, அதாவது முணுமுணுத்தாள். அப்பா ‘பூர்க்னுல்’, வேண்டா வெறுப்பாக ஒரு சொல்லை விட்டெறிந்தார். முத்து ‘வஸ்க்லீக்னுல்’, வியந்து கூவினான். அப்புறம் அப்பா மறுபடி ‘அத்ரேஸல்’. வெட்டுவது என்பதுதான் அதன் நேர்ப்பொருள், நம் ‘வெடுக்கென்றார்’ மாதிரி. படித்துப் பார்த்தால் தெருக்கூத்து. “வாய மூடு” என்பதிலேயே வெட்டு இருக்கிறது. அதன் பிறகு ‘வெட்டினார்’ என்று வினையும் சொன்னால் அப்பா ஒரே ஆளை இரண்டு தடவை அடித்த மாதிரி ஆகிறது. அதனால் இப்போது வசனம் சூடாக இருந்தால் வினையைச் சாதுவாக விடுகிறேன்: ‘ஸ்கஸால் அத்யேத்ஸ்’, அப்பா சொன்னார், அவ்வளவுதான். வசனம் மொட்டையாக இருந்து, அதன் தொனி வேறு எங்கும் தெரியாதபோதுதான் ‘பூர்க்னுல்’ போன்றதைக் கையில் எடுப்பேன்.

இங்கே வினைமுதல் வினைக்குப் பின்னால் வருவதைக் கவனித்தீர்களா? வசனத்துக்குப் பிறகு ‘ஸ்கஸால் அத்யேத்ஸ்’ என்பதே இயல்பு. நம் ‘என்றார் அப்பா’ அப்படியே பொருந்துகிறது. இலவசமாகக் கிடைத்த ஒரே இடம் இதுதான்.

வினையைக் குறைத்துவிட்டால் யார் பேசுகிறார்கள் என்பது எப்படித் தெரியும்? வசனத்திலேயே தெரிய வேண்டும். இங்கேதான் எனக்கு நேரம் போனது.

முத்துவை எடுத்துக்கொள்வோம். ரஷ்யக் குழந்தைகள் கேள்வியை ‘அ’ என்ற குட்டிச் சொல்லோடு தொடங்குவது சகஜம். ‘அ க்தே?’ என்றால் ‘ஆமா, எங்க?’ மாதிரி. முத்துவின் கேள்விகளுக்கெல்லாம் அதைக் கொடுத்தேன், மற்ற இருவருக்கும் கொடுக்கவில்லை. உடனே அவனுக்குப் பெயர்ச் சீட்டு தேவைப்படவில்லை. அப்பாவை ‘நீங்க’ என்று கூப்பிடும் பையன் அவன். ரஷ்யனில் ‘தி’ என்றால் நீ, ‘வி’ என்றால் நீங்கள். அகராதிப்படி ‘வி’ போட்டால், அந்த வீடு இன்றைய வீடாகத் தெரியாது, நூறு வருடப் பழையதாகத் தெரியும். இன்று அங்கே பிள்ளைகள் அப்பாவிடம் ‘தி’ என்றுதான் பேசுகிறார்கள். கொஞ்சம் மனசு வலித்தது, ஆனாலும் ‘தி’தான் போட்டேன்.

ஓட்டல் ஒரு தனிக் கதை. முதல் வரைவில் ‘அதேல்’ என்று எழுதிவிட்டேன். அங்கே அது அறை எடுத்துத் தங்கும் இடம் மட்டும்தான். “அப்பா எதற்கு லாட்ஜுக்குப் போனார்? அதனால்தான் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா?” என்று தோழி கேட்டார். ‘ஸ்தலோவயா’ என்று மாற்றினேன். அது தட்டோடு வரிசையில் நிற்கும் கேன்டீன் வாடை அடிக்கிற சொல், ஆனால் குடும்ப மானம் தப்பியது.

அப்பாவுக்கு மொட்டை வசனம். ‘ஆச்சு’ என்பதற்கு ‘தா’, அதாவது ஆமாம், என்று போடத் தோன்றும். ரஷ்யனில் கேள்வியில் வந்த வினையையே திருப்பிச் சொல்வது ரொம்ப இயல்பு. பாட்டி ‘அபேதல்?’ (சாப்பிட்டாரா?) என்று கேட்டால் அவர் ‘அபேதல்’ என்கிறார். நம் ‘ஆச்சு’வின் அதே விட்டேற்றித்தனம். பின்னால் எந்த வினையும் போடவில்லை.

பாட்டிக்கு இடைச்சொற்கள் எல்லாம். ‘சொன்னேனே’வில் இருக்கும் அந்த ‘ஏ’க்கு ரஷ்யனில் ‘ஜெ’ இருக்கிறது: ‘கவரீலா ஜெ யா’. நம் பாட்டி உதட்டிலிருந்து அப்படியே எடுத்த மாதிரி. ‘வேணாங்கிறாராம்’ என்பதன் ‘ஆம்’தான் கஷ்டம். யாரோ சொன்னதை எடுத்துச் சொல்ல ரஷ்யனில் ‘மோல்’, ‘தேஸ்கத்’ என்று இடைச்சொற்கள் உண்டு. ஆனால் நம் ‘ஆம்’ சொன்னவர் யாரென்றே தெரியாவிட்டாலும் வரும். ‘மழை வருமாம்’ என்பதற்கு ‘கவர்யாத்’, அதாவது சொல்கிறார்கள், என்பதே பொருந்தும். இங்கே சொன்னவர் டாக்டர், ஆள் தெரிகிறது. எனவே ‘மோல்’: டாக்டர் சொல்கிறார், கூடாது, மோல். ‘மோல்’ என்பது ‘சொன்னான்’ என்ற பழைய வினை தேய்ந்து வந்தது. நம் ‘என்று’வும் ஒரு வினையிலிருந்து வந்ததுதானே!

சிலர் கிராமத்துப் பாட்டியை ரஷ்யக் கிராமத்து வழக்கில் பேச வைப்பார்கள். எனக்கு அது ஒத்துவராது. வாசகருக்கு உடனே பனியும் மரவீடும் கண்ணில் வந்துவிடும், வேப்பமரம் மறைந்துவிடும். ‘ஜெ’, ‘மோல்’, வார்த்தை வரிசை, இவையே அவருக்குப் போதும்.

இன்னும் ஒன்று, சின்னது. முழுமை வினையும் தொடர் வினையும் மாறினால் கதை மாறும். ‘ஸ்ப்ரஸீலா’ என்றால் ஒரு தடவை கேட்டாள். ‘ஸ்ப்ராஷிவலா’ என்றால் கேட்டுக்கொண்டே இருந்தாள், அல்லது தினமும் கேட்பாள். முதலில் யோசிக்காமல் இரண்டாவதை எழுதி, பாட்டியை நச்சரிப்பவள் ஆக்கிவிட்டேன்.

அப்புறம் நிறுத்தற்குறி. வசனம் அங்கே கோட்டில் தொடங்கும். பின்னால் வருவது பேச்சு வினை என்றால் காற்புள்ளி, கோடு, சிறிய எழுத்து. பின்னால் வருவது ‘கதவைச் சாத்தினார்’ போன்ற செயல் என்றால் வசனத்துக்கு முற்றுப்புள்ளி, கோடு, பெரிய எழுத்து. பேச்சு வினையே இல்லாமல் ஆளை அடையாளம் காட்ட இதுதான் நல்ல வழி. ஐந்தில் ஒன்றுக்கு இதைப் பயன்படுத்தினேன்.

கடைசியில் ஒரு சோதனை செய்தேன். வினைகளை எல்லாம் அழித்துவிட்டு வெறும் வசனங்களைத் தோழிக்கு அனுப்பி, யார் யார் என்று கேட்டேன். நான்கு சரி. பாட்டியின் முதல் வரியில் தடுக்கினார். அவருக்கு மாமியார் மாப்பிள்ளையிடம் நேரே பேசாமல் இருப்பது புரியவில்லை, மூன்றாவது ஆள் யாரோ இருக்கிறார் என்று தேடியிருக்கிறார். அடிக்குறிப்பு போடச் சோம்பலாக இருந்தது. எனவே அங்கே மட்டும் வினையை அழிக்காமல் வைத்துக்கொண்டேன்: ‘ஸ்ப்ரஸீலா பாபுஷ்கா உ ஸ்தெனி’. பாட்டி சுவரிடம் கேட்டாள். தோழி சிரித்தார், பிறகு, “அப்படியா, சுவர் அவருக்குப் பதில் சொல்கிறதா?” என்றார். அடுத்த வரியில் மாப்பிள்ளைதான் சொல்கிறார்.