ட்வீட்டின் வயிறும் வைர ஊசியும்: ஒரு கேலிச்சித்திரத்தைப் படித்தல்

(மட்டக்களப்பில் ஊடகக் கற்கை ஆசிரியர்களும் சித்திர மாணவர்களும் கூடியிருந்த ஒரு வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். திரையில் இருக்கும் படத்தைக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். யார், எந்த நாடு என்று நான் இப்போது சொல்லப் போவதில்லை. என்ன தெரிகிறது?

முன்வரிசைத் தங்கச்சி சொன்னது சரி. ஆண்கள் வட்டமாக நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரைக் கையால் காட்டுகிறார்கள். முன்னால் இடது பக்கம் பெரிய வயிறோடு ஒரு தாடிக்காரர், அவருடைய சட்டையின் நெஞ்சில் ஒரு வைர ஊசி. சிலருடைய உடம்பிலும் தொப்பியிலும் எழுத்துகள் இருக்கின்றன. கீழே ஒரு கேள்வி: மக்களுடைய காசைத் திருடியது யார்? அதற்குப் பதில்: அவன்தான்.

இனி விபரத்துக்கு வருவோம். 1871 ஆகஸ்ட் 19ஆம் திகதி நியூயோர்க்கின் ஹார்ப்பர்ஸ் வீக்லி வார இதழில் வந்த படம் இது. வரைந்தவர் தோமஸ் நாஸ்ட், ஜேர்மனியில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு வந்தவர். வயிற்றுக்காரர் வில்லியம் ட்வீட். டமனி என்ற கட்சி அமைப்பின் தலைவர், நகர நிர்வாகத்தையே கைக்குள் வைத்திருந்தவர். அப்போது நகரத்தில் ஒரு நீதிமன்றக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கொந்தராத்துக்காரர்கள் பில்லைப் பல மடங்கு ஏற்றிப் போடுவார்கள், நகரசபை அதைக் கொடுக்கும், மிச்சக் காசு ட்வீட்டின் கூட்டத்துக்குத் திரும்பி வரும். நமக்குப் புதிய கதை இல்லைதான். 1871 ஜூலையில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அந்தக் கணக்கேட்டுத் தொகைகளை அப்படியே அச்சிட்டது. நாஸ்டின் படம் அதற்கு அடுத்த மாதம் வந்தது. இந்த வரிசையை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் உருவத்தை எடுப்போம். கேலிச்சித்திரக்காரர் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்து வரைகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். ட்வீட்டின் நிழற்படங்களைப் பார்த்தால் அப்படி இல்லை என்று தெரியும். ஆள் உண்மையிலேயே மிகப் பருத்தவர், தாடியும் இருந்தது, பெரிய வைரத்தை நெஞ்சில் குத்திக்கொள்வதும் அவருடைய வழக்கம். நாஸ்ட் செய்தது தெரிவு. ஒரு மனிதனிடம் நூறு அடையாளங்கள் இருக்கும். அதில் இரண்டை, மூன்றை மட்டும் எடுத்து வாரா வாரம் அதையே வரைந்தார். வயிறும் வைரமும் ஏன்? இரண்டும் 'இந்த ஆள் நிறையத் தின்றிருக்கிறார், தின்றதை மறைக்கவும் இல்லை' என்று சொல்கின்றன. மூக்கைப் பெருப்பித்திருந்தால் ஆளை அடையாளம் தெரிந்திருக்கும், குற்றச்சாட்டு வந்திருக்காது. ஆகவே உருவக்கேலியைப் படிக்கும்போது எது பெருத்திருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்க வேண்டாம். பெருப்பித்த உறுப்புக்கும் சுமத்தப்படும் குற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

தொடர்பு இருந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை அடுத்த படம் காட்டும். இரண்டு மாதம் கழித்து, 1871 ஒக்டோபரில் வந்தது. அதே உடம்பு, அதே வயிறு, அதே வைர ஊசி. ஆனால் தலை இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் கட்டி வைத்த காசு மூட்டை ஒன்று. அதில் டொலர் குறி, அந்தக் குறியே கண்ணாகவும் மூக்காகவும் வாயாகவும் தெரிகிறது. கீழே, டமனியின் வெற்றிக்குக் காரணமான 'மூளை' இதுதான் என்று குத்தலாக ஒரு வரி. முகமே இல்லாத ஒருவரை நகரம் முழுக்க அடையாளம் கண்டது. மிகைப்படுத்தல் இங்கே அளவைக் கூட்டுவதை விட்டுவிட்டு உருவகமாகவே மாறிவிட்டது. வயிறு பெருத்தால் அது மிகை. தலை மூட்டையானால் அது வாதம்: இவர் யோசித்து வெல்லவில்லை, காசு கொடுத்து வென்றார்.

சரி, எழுத்துகளுக்கு வருவோம். வட்டப் படத்தில் முன்னால் நிற்கும் நாலு பேர் ட்வீட், அவருடைய கூட்டாளிகளான ஸ்வீனி, கொனலி, நகர முதல்வர் ஹோல். இவர்கள்மீது பெயர் எழுதவில்லை. பின்னால் வளைந்து போகும் ஆட்களில்தான் எழுத்து இருக்கிறது: கதிரை விற்றவர், சுண்ணாம்பு பூசியவர், ஓடாவி, காஸ் குழாய் போட்டவர். கூத்தில் கட்டியகாரன் வந்து 'இன்னார் வருகிறார்' என்று சொல்வான் அல்லவா, அந்த வேலைதான் இது. ஊரறிந்த முகத்துக்குக் கட்டியம் தேவையில்லை. கொந்தராத்துக்காரரின் முகத்தை யார் கண்டார்கள்? பெயரைக் கணக்கேட்டில் மட்டும்தான் கண்டிருப்பார்கள். அதனால் அவரை அவருடைய பில்லாலேயே அறிமுகம் செய்கிறார் நாஸ்ட். டைம்ஸ் படித்தவர் 'சுண்ணாம்பு' என்ற எழுத்தைப் பார்த்ததும் அந்தத் தொகையை நினைத்திருப்பார்.

பழைய படத்தைப் படிக்கிறவருக்கு இதில் ஒரு உபயோகம் உண்டு. எழுத்து இல்லாத முகங்கள் யார் என்று தேடினால், அந்தக் காலத்து வாசகர் எதைத் தெரிந்துவைத்திருந்தார் என்று தெரிந்துவிடும். மறுபக்கம், படத்தில் எல்லாப் பொருளிலும் எழுத்து இருந்தால், மாட்டில் 'பொருளாதாரம்', கயிற்றில் 'கடன்', மரத்தில் 'மக்கள்' என்று ஒட்டியிருந்தால், உருவகம் சொந்தக் காலில் நிற்கவில்லை என்று அர்த்தம். நம் பத்திரிகைகளிலும் இந்த வியாதி இருக்கிறது, மறைப்பானேன்.

இப்போது வட்டம். இந்தப் படத்தின் உயிர் அதில்தான். நாஸ்ட் இவர்களை ஒரு வரிசையில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டிக்கொண்டே போக, வரிசையின் கடைசியில் ஒருவர் இருப்பார். பழி அவர் தலையில் இறங்கும், மற்றவர்கள் தப்பிவிடுவார்கள். வட்டத்தில் கடைசி ஆள் இல்லை. விரல் சுற்றிச் சுற்றி வந்து முதல் ஆளிடமே நிற்கும். தப்பிப்பதற்காக அவர்கள் செய்யும் காரியமே அவர்களை ஒரே கூட்டமாகக் காட்டிக்கொடுக்கிறது. 'அவன்தான்' என்ற பதில் ஒவ்வொரு வாயிலும் பொய்ச்சாட்டு, எல்லா வாயையும் சேர்த்தால் உண்மை. இதை வசனத்தில் எழுதப் பத்து வரி வேண்டும்.

ஆனால் ஒன்று. வட்டம் வாதிடும், நிரூபிக்காது. ஜூலையில் கணக்கு அச்சாகாமல் இருந்திருந்தால் இந்தப் படம் ஒரு பருத்த மனிதர்மீது வீசிய சேறு மட்டும்தான். அதற்காகத்தான் வரிசையை நினைவில் வைக்கச் சொன்னேன். கேலிச்சித்திரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கிழமைச் செய்தியையும் வைத்துப் படிக்க வேண்டும். ட்வீட், பத்திரிகை எழுதுவதைப் பற்றித் தனக்குக் கவலை இல்லை, தன் வாக்காளர்களுக்கு வாசிக்கத் தெரியாது, படங்களைத்தான் நிறுத்த வேண்டும் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. இதை வைத்துப் படம்தான் அவரை வீழ்த்தியது என்று பலர் முடித்துவிடுவார்கள். அந்த நவம்பர் தேர்தலில் அவருடைய கூட்டம் தோற்றது, ஆனால் ட்வீட் நியூயோர்க் மாநில செனட்டில் தன் ஆசனத்தைத் திரும்பவும் வென்றார். அவரைச் சிறைக்கு அனுப்பியது வழக்கு.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. 1875 டிசம்பரில் ட்வீட் காவலிலிருந்து தப்பிக் கியூபா வழியாக ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தார். 1876 செப்டெம்பரில் ஸ்பெயின் அதிகாரிகள் அவரைப் பிடித்தார்கள், அடையாளம் கண்டது நாஸ்டின் ஒரு படத்தை வைத்து. அந்த ஜூலையில் வந்த அந்தப் படத்தில் ட்வீட் சிறைக்கைதியின் கோடு போட்ட உடுப்போடு நிற்கிறார், இரண்டு பொடியன்களின் கழுத்துப்பட்டியைப் பிடித்திருக்கிறார். நாஸ்ட் தாக்கியது சீர்திருத்தம் பேசிக்கொண்டு ஜனாதிபதித் தேர்தலில் நின்ற டில்டனை. பெரிய கள்ளன் சின்னக் கள்ளர்களைப் பிடித்துக் காட்டி நல்ல பெயர் வாங்குகிறான், இதுதானா உங்கள் சீர்திருத்தம் என்பது பொருள். ஸ்பெயின்காரருக்கு ஆங்கில வரிகள் விளங்கவில்லை. ஆள் சிறுவர்களைக் கடத்துபவன் என்று நினைத்தார்களாம்.

எந்தப் படி சரியாக வேலை செய்தது, எது பிழைத்தது என்று பாருங்கள். உருவக்கேலி கடல் தாண்டியும் பிசகவில்லை, ஆள் சரியாகப் பிடிபட்டார். பிழைத்தது அளவை எடுத்துக்கொண்ட விதம். படத்தில் அந்த இருவரும் சிறியவர்களாக இருப்பது அவர்களுடைய குற்றம் சிறியது என்பதற்காக. பார்த்தவர்கள் அதை வயது என்று எடுத்துக்கொண்டார்கள். மிகையை நேர்ப்பொருளில் படித்தால் இப்படித்தான். கீழே இருந்த வரி விளங்கியிருந்தால் திருத்தியிருக்கும்.

உரைக்கு நடுவே ஒரு ஆசிரியர் கேட்டார், வட்ஸ்அப்பில் வரும் கேலிச்சித்திரங்களை எப்படிப் படிப்பது என்று. அவை பெரும்பாலும் கீழ்வரி வெட்டுப்பட்டு, திகதியும் பத்திரிகைப் பெயரும் போன பிறகுதான் நம் கைக்கு வருகின்றன. அதாவது நம்மை அந்த ஸ்பெயின் அதிகாரியின் கதிரையில் இருத்திவிடுகின்றன. முகம் தெரியும், விஷயம் தெரியாது. முதலில் திகதியைத் தேடுங்கள், அதற்கு முந்திய சில நாட்களின் தலைப்புச் செய்தியைப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் பொருள் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

கடைசியாக ஒன்று, இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. ட்வீட்டை இவ்வளவு நுணுக்கமாக வரைந்த அதே நாஸ்ட், அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடியேறிகளைக் குரங்கு முகத்தோடு வரைந்தார். ட்வீட்டின் வயிறு ட்வீட்டுக்குச் சொந்தம். அந்தக் குரங்குத் தாடை யாருக்குச் சொந்தம்? ஒருவருக்கும் இல்லை, ஒரு சனம் முழுவதின் முகத்திலும் ஒட்டப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே பத்திரிகையைத் திருப்பும் இடத்தில் இந்த வித்தியாசம் கையில் சுடும். ஒரு அரசியல்வாதியின் படத்தில் அவருடைய சொந்த அடையாளத்தை அழித்துவிட்டுத் தொப்பியையோ திருநீற்றையோ காவியையோ மட்டும் விட்டுப் பாருங்கள். அப்போதும் கேலி அப்படியே நின்றால், அது அந்த ஆளைப் பற்றியது இல்லை.

பின்வரிசையில் ஒரு மாணவர் கையைத் தூக்கினார். "சேர், தொப்பிய எடுத்தா சில பேர யாரெண்டே தெரியாதே, அப்ப என்ன செய்யிற?"

தலையையே எடுத்துவிட்டு மூட்டையை வைத்தபோதும் ட்வீட்டைத் தெரிந்ததே, தம்பி. தொப்பியை எடுத்ததும் ஆளைத் தெரியவில்லை என்றால், வரைந்தவர் அந்த ஆளின் முகத்தை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.